114 ஸ்லைடுகள், ஸ்லைடுக்கு ஒரு வாக்கியம்

தடுப்பூசி மருந்துகளைக் கெடாமல் சேமித்து வைக்கும் முறை பற்றிய இரண்டு நாள் பயிற்சிக்கான பவர்பாயின்ட் கோப்பு அது. மொத்தம் 114 ஸ்லைடுகள். பல வருடங்களாகப் பல பேர் கை வைத்துச் சேர்த்ததால் பாதி ஆங்கிலம், பாதி தமிழ், நடுவே எங்கிருந்தோ வெட்டி ஒட்டிய படங்கள். பயிற்சிக்கு வருகிறவர்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்துக் குப்பிகளை எடுத்து வைப்பவர்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு ஏதாவது சந்தேகம் வந்தால், 114 ஸ்லைடுகளையும் புரட்டாமல் எந்த ஸ்லைடில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஓர் அட்டவணை வேண்டும். ஸ்லைடுக்கு ஒரு வரிசை, வரிசைக்கு ஒரு வாக்கியம். என்னிடம் கேட்கப்பட்டது அவ்வளவுதான்.

முதலில் கோப்பில் இருக்கும் எழுத்தையெல்லாம் ஓர் எக்செல் தாளுக்குக் கொண்டுவந்தேன். ஸ்லைடு ஸ்லைடாக நகலெடுத்து ஒட்டலாம்தான். ஆனால் பேச்சாளர் குறிப்புகளும் மறைத்து வைத்த ஸ்லைடுகளும் அந்த வழியில் கண்ணில் படாமல் போய்விடும். python-pptx என்ற பைத்தான் நூலகத்தைக் கொண்டு எழுதிய சிறு நிரல் இது:

```python
from pptx import Presentation
from pptx.enum.shapes import MSO_SHAPE_TYPE as T
import csv

def texts(shapes):
    for s in shapes:
        if s.shape_type == T.GROUP:
            yield from texts(s.shapes)
        elif s.has_text_frame:
            yield s.text_frame.text
        elif s.has_table:
            for r in s.table.rows:
                yield " | ".join(c.text for c in r.cells)

with open("digest.csv", "w", newline="",
          encoding="utf-8-sig") as f:
    w = csv.writer(f)
    for n, s in enumerate(Presentation("deck.pptx").slides, 1):
        note = ""
        if s.has_notes_slide:
            note = s.notes_slide.notes_text_frame.text
        hidden = s._element.get("show") == "0"
        w.writerow([n, s.slide_id, hidden,
                    "\n".join(texts(s.shapes)), note, ""])
```

இதில் மூன்று இடங்கள் கவனிக்க வேண்டியவை. GROUP என்று வரும் வரி இல்லாவிட்டால், ஒன்றாகக் கட்டி வைத்த வடிவங்களுக்குள் இருக்கும் எழுத்து ஒன்றுகூட வராது. படவிளக்கம் போட்ட ஸ்லைடுகளில் எழுத்தெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். `utf-8-sig` என்று சேமிக்காமல் வெறும் `utf-8` என்று சேமித்தால், எக்செல் அந்தக் கோப்பைத் திறக்கும்போது தமிழ் முழுதும் சிதைந்து தெரியக்கூடும். மூன்றாவது, `slide_id`. ஸ்லைடின் வரிசை எண் இன்று 40 என்றால் நாளை நடுவில் ஒன்றைச் செருகியதும் 41 ஆகிவிடும். இந்த அடையாள எண்ணோ ஸ்லைடை எங்கே நகர்த்தினாலும் மாறாது. அதன் பயன் பின்னால் வருகிறது.

எழுத்தை எடுத்தாலும் ஸ்லைடைக் கண்ணால் பார்க்காமல் வாக்கியம் எழுத முடியாது. ஆகவே கோப்பைப் பிடிஎஃப் ஆக்கி, பக்கத்துக்கு ஒரு சிறு படம் எடுத்துக்கொண்டேன்:

```
soffice --headless --convert-to pdf deck.pptx
pdftoppm -r 50 -png deck.pdf s
```

லிப்ரே ஆபீஸ் பிடிஎஃப் ஆக்கும்போது, நாம் தனியாகச் சொன்னாலொழிய மறைத்த ஸ்லைடுகளை விட்டுவிடும். இந்தக் கோப்பில் அப்படி ஐந்து இருந்தன. அதனால் முதல் மறைத்த ஸ்லைடு வரை எல்லாம் ஒழுங்காகப் பொருந்தி, அதன் பிறகு ஒவ்வொரு வரிசைக்கும் அடுத்த ஸ்லைடின் படம் வந்து உட்கார்ந்துகொள்ளும். தொடக்கத்தில் உள்ள பத்துப் படங்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்தியடைந்தால் இது தெரியவே தெரியாது. கடைசி ஸ்லைடின் எண்ணையும் கடைசிப் படத்தின் எண்ணையும் ஒப்பிட்டால் உடனே தெரிந்துவிடும். பவர்பாயின்டில் அந்த ஐந்தின் மறைப்பையும் நீக்கி ஒரு பிரதி எடுத்துக்கொண்டு அதிலிருந்து படங்களை எடுத்தேன். 'மறைத்தது' என்ற குறிப்பு மட்டும் அட்டவணையில் அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.

தாளைத் திறந்து பார்த்தால் சில ஸ்லைடுகளுக்கு நேரே எழுத்துக் கட்டம் வெறுமையாக இருந்தது, வேறு சிலவற்றில் புரியாத ஆங்கில எழுத்துக் குவியல். வெறுமைக்குக் காரணம் இரண்டு. ஒன்று, எழுத்தே படத்துக்குள் இருப்பது. மற்றது, பவர்பாயின்டின் ஸ்மார்ட்ஆர்ட் கொண்டு வரைந்த படங்கள். மேலே உள்ள நிரல் அவற்றைத் தொடுவதில்லை. இரண்டையும் பார்த்துத் தட்டச்சு செய்வதைத் தவிர வேறு சுருக்கு வழி தேடவில்லை. எழுத்துக் குவியலின் கதை தமிழில் வேலை செய்கிறவர்களுக்குப் பழக்கமானதுதான். யூனிகோடு பரவுவதற்கு முன் தயாரித்த ஸ்லைடுகளில் பாமினி எழுத்துருவைப் போட்டிருந்தார்கள். திரையில் 'தமிழ்' என்று தெரியும் சொல், உள்ளே `jkpo;` என்றே சேமிக்கப்பட்டிருக்கும். எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு எடுத்தால் போதும். ஆனால் ஒரே பெட்டிக்குள் பாமினியும் உண்மையான ஆங்கிலமும் கலந்திருந்தால் மாற்றி ஆங்கிலத்தையும் சேர்த்துக் குதறிவிடும். அந்த வரிகளை மட்டும் கையால் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

இனி வாக்கியங்கள். முதல் ஸ்லைடிலிருந்து வரிசையாக எழுத உட்காரவில்லை. முதலில் ஒரு சுற்று ஓடி, ஒவ்வொன்றும் என்ன வகை என்று மட்டும் குறித்தேன்: பிரிவுத் தலைப்பு, உள்ளடக்கம், வரைபடம், வெறும் படம், தொடர் ஸ்லைடு, கேள்வி. தொடர் ஸ்லைடு என்று நான் சொல்வது, ஒரே படத்தில் ஒவ்வொரு அம்சமாகச் சேர்த்துக்கொண்டே போகும் ஐந்தாறு ஸ்லைடுகளை. வகை தெரிந்துவிட்டால் எதற்கு எவ்வளவு நேரம் தேவை என்பதும் தெரிந்துவிடும். பிரிவுத் தலைப்புகளுக்கு நான் வாக்கியம் எழுதவில்லை. 'பிரிவுத் தலைப்பு' என்று மட்டும் போட்டேன். 'இந்தப் பகுதியில் குளிர்சாதனக் கருவிகளைப் பற்றி அறிந்துகொள்வோம்' என்று கட்டத்தை நிரப்பலாம். ஆனால் அட்டவணையில் அப்படி நாலு வரி இருந்தால் படிக்கிறவர் ஐந்தாவது வரியையும் நம்பமாட்டார்.

உள்ளடக்க ஸ்லைடுகளில் எல்லோருக்கும் கை தானாக எழுதுவது 'இந்த ஸ்லைடு விவிஎம் நிலைகளை விளக்குகிறது' என்ற வகை வாக்கியம்தான். தலைப்போடு ஒரு வினைச்சொல்லை ஒட்டியதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. விவிஎம் என்பது குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் சிறு வெப்பக் குறி: ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம். வெப்பம் பட்டுப் பட்டு உள்ளே இருக்கும் சதுரம் கறுத்துக்கொண்டே போகும். ஸ்லைடில் நான்கு நிலைகளின் படம் இருந்தது, முதல் இரண்டின் கீழ் பச்சை, மற்ற இரண்டின் கீழ் சிவப்பு. நான் எழுதியது: 'உள்சதுரம் வெளிவட்டத்தைவிட வெளிறியிருக்கும்வரை குப்பியைப் பயன்படுத்தலாம்; நிறம் ஒன்றானாலோ சதுரம் மேலும் கறுத்தாலோ கூடாது.' குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்லைடைப் பார்க்காமலே முடிவெடுக்க இந்த வாக்கியம் போதும். வாக்கியத்தை எழுதி முடித்ததும் எனக்கு நானே கேட்டுக்கொண்ட கேள்வி அது ஒன்றுதான்.

இங்கே ஓர் ஆசை வரும். விவிஎம் வெப்பத்தை மட்டுமே காட்டும், மருந்து உறைந்து போயிருந்தால் காட்டாது; அதையும் இதிலேயே சேர்த்துவிடலாமே என்று. அந்தச் செய்தி முக்கியமானதுதான், ஆனால் அது இருந்தது அடுத்த ஸ்லைடில். இங்கே சேர்த்தால் அடுத்த வரிசைக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. தேடி வருகிறவர் தவறான ஸ்லைடில் போய் நிற்பார்.

வரைபட ஸ்லைடுகள்தாம் அதிக நேரம் எடுத்தன. ஐஎல்ஆர் என்று சொல்லப்படும் பனிக்கட்டி உறையிட்ட குளிர்பெட்டியின் ஒரு வார வெப்பநிலை ஒரு ஸ்லைடில் கோடாகப் போயிற்று. தலைப்பு 'வெப்பநிலைப் பதிவு', அவ்வளவே. அனுமதிக்கப்பட்ட 2 முதல் 8 டிகிரி எல்லை பச்சைப் பட்டையாக இருந்தது. காலையும் மாலையும் பணியாளர் குறித்த அளவுகள் புள்ளிகளாக, எல்லாமே பட்டைக்குள். தானியங்கிப் பதிவுக் கருவி வரைந்த கோடு மட்டும் இரண்டு இரவுகளில் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கி ஏறியிருந்தது. தலைப்பையும் புள்ளிகளையும் பார்த்துவிட்டு எழுதினால் 'வெப்பநிலை சீராக இருந்தது' என்றுகூட எழுதிவிடலாம். அட்டவணையில் போனது: 'காலை, மாலை அளவுகள் சரியாக இருந்தும் இரண்டு இரவுகளில் பெட்டியின் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போயிருக்கிறது.' ஆகவே என்ன செய்ய வேண்டும் என்பதை ஸ்லைடு சொல்லவில்லை. பேச்சாளர் குறிப்பிலும் இல்லை. நானும் சொல்லவில்லை.

தலைப்பை நம்பிச் சுருக்குவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு 2003 ஜனவரியில் கொலம்பியா விண்வெளி ஓடத்துக்காகத் தயாரான ஒரு ஸ்லைடைவிடப் பெரிய சான்று இல்லை. ஓடம் புறப்பட்டபோது நுரைத் துண்டு ஒன்று இறக்கையில் மோதியது. வெப்பத் தடுப்பு ஓடுகள் துளைபடுவது பற்றிய சோதனைத் தரவுகள் கவலைப்படத் தேவையில்லாத பக்கமே இருக்கின்றன என்ற தோற்றத்தை ஸ்லைடின் தலைப்பு தந்தது. அடியில் சிறிய எழுத்தில் இருந்த விவரமோ, சோதனையில் பயன்பட்ட நுரைத் துண்டு 3 கன அங்குலம், மோதிய துண்டு 1920 கன அங்குலம் என்றது. அதாவது அந்தச் சோதனை இந்த மோதலைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. பிப்ரவரி 1 அன்று ஓடம் சிதறி ஏழு பேர் இறந்தார்கள்; விசாரணை வாரியத்தின் அறிக்கை அந்த ஸ்லைடையே எடுத்துவைத்து அலசியது. அந்த ஸ்லைடுக்கு ஒரு வாக்கியம் எழுத வேண்டியிருந்தால் அது கடைசி வரியிலிருந்துதான் வரவேண்டும். அதை நினைத்துத்தான் எந்த ஸ்லைடையும் நான் கீழிருந்து மேலாக ஒருமுறை படிப்பேன்.

தொடர் ஸ்லைடுகளில் எல்லாவற்றுக்கும் ஒரே வாக்கியத்தைத் திரும்ப எழுதுவது வீண், கடைசி ஒன்றுக்கு மட்டும் எழுதிவிட்டு மற்றவற்றை விடுவதும் சரியில்லை. ஸ்லைடுக்கு ஒரு வரிசை என்பதுதான் பேச்சு. ஒவ்வொன்றிலும் புதிதாகச் சேர்ந்தது எதுவோ அதை மட்டும் எழுதினேன். குலுக்கல் சோதனை ஆறு ஸ்லைடுகளாகப் போயிற்று. சந்தேகப்படும் குப்பி உறைந்து உருகியதா என்று கண்டுபிடிக்கும் முறை அது. அதன் வரிசைகள் இப்படி அமைந்தன:

| எண் | வகை | சாரம் | ஆதாரம் |
|---|---|---|---|
| 61 | தொடர் | ஒப்பிட்டுப் பார்க்க, அதே நிறுவனத்தின் அதே தொகுதியைச் சேர்ந்த குப்பி ஒன்றை வேண்டுமென்றே உறையவைக்க வேண்டும். | ஸ்லைடு |
| 62 | தொடர் | உறைந்த குப்பியைச் சூடாக்காமல் தானாக உருகவிட்டு, மறக்காமல் குறியிட வேண்டும். | குறிப்பு |
| 63 | தொடர் | இரண்டு குப்பிகளையும் ஒரே கையில் பிடித்துச் சேர்த்துக் குலுக்க வேண்டும். | ஸ்லைடு |
| 64 | தொடர் | குலுக்கியபின் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 30 நிமிடம் வரை அசைக்காமல் கவனிக்க வேண்டும். | ஸ்லைடு |
| 65 | தொடர் | சந்தேகக் குப்பியின் வண்டல் உறையவைத்ததைவிட மெதுவாகப் படிந்தால் அதைப் பயன்படுத்தலாம். | ஸ்லைடு |
| 66 | தொடர் | சந்தேகக் குப்பியின் வண்டல் உறையவைத்ததற்கு இணையாகவோ வேகமாகவோ படிந்தால் அதை ஒதுக்க வேண்டும். | ஸ்லைடு |

ஆதாரம் என்ற நெடுவரிசை முதலில் என் திட்டத்தில் இல்லை. 62ஆம் ஸ்லைடில் படம் மட்டுமே இருக்கிறது; 'சூடாக்காமல்' என்பது பேச்சாளர் குறிப்பில்தான் வருகிறது. அட்டவணையை வைத்துக்கொண்டு ஸ்லைடைத் திறக்கிறவர் அந்தச் சொல்லைத் தேடிக் காணாமல் குழம்பக் கூடாது. குறிப்பும் இல்லாத வெறும் படங்களுக்கு, பயிற்சியை நடத்திவரும் மூத்த செவிலியரிடம் போக வேண்டியதாயிற்று. மூடி திறந்த ஐஎல்ஆர் ஒன்றின் புகைப்படத்தைக் காட்டி, "சிஸ்டர், இது கருவியின் பாகங்களைக் காட்டும் படமா?" என்று கேட்டேன்.

"பாகத்தை யார் பார்த்தார்கள் தம்பி, அடியில் பாருங்கள்" என்றார். "கூடை இல்லாமல் குப்பிகளைத் தரையிலேயே வைத்திருக்கிறார்கள். அங்கேதான் குளிர் அதிகம். பென்டாவேலன்ட் அங்கே கிடந்தால் உறைந்துவிடும். இதைப் போட்டுவிட்டு, தவறு எங்கே என்று வகுப்பில் கேட்பேன்."

அந்த வரிசையின் சாரம் 'உறைந்தால் கெடும் மருந்துகளை ஐஎல்ஆரின் அடித்தளத்தில் கூடையின்றி வைக்கக் கூடாது' என்று ஆயிற்று. ஆதாரத்தில் 'பயிற்றுநர் சொன்னது' என்று போட்டேன். ஸ்லைடிலிருந்து வந்தது போல அதைக் காட்டுவது சரியில்லை. அவரில்லாமல் வேறொருவர் வகுப்பெடுத்தால் அந்தப் படம் ஊமைப் படம்தான். அதுவும் அட்டவணையில் தெரிய வேண்டும்.

எண்களை நகலெடுப்பதில் ஒரு சிக்கல் தனியாகச் சொல்லத் தக்கது. உறைபெட்டியின் வெப்பநிலை மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டிகிரி வரை. ஸ்லைடில் அது `–15–(–25)` என்று இருந்தது. மைனஸ் குறியும் 'முதல்–வரை' கோடும் ஒரே எழுத்து. அவசரத்தில் பார்த்தால் 15 முதல் 25 என்று கண்ணில் படும், அது அறை வெப்பநிலை! அட்டவணை முழுதும் மைனஸ் என்பதைச் சொல்லாகவே எழுதினேன், எல்லைகளை 'முதல்', 'வரை' என்றே எழுதினேன். அதேபோல வாக்கியத்தின் அழுத்தத்தையும் மாற்றவில்லை. ஸ்லைடு 'கூடாது' என்றால் 'கூடாது', 'தவிர்ப்பது நல்லது' என்றால் அதுவே.

இன்னொரு பழக்கம் தானாக வந்து சேர்ந்தது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதால், நிபந்தனைகளை முன்னே அடுக்கினால் எதைப் பற்றிய பேச்சு என்பதே பாதிவரை தெரியாது. பத்தியில் அது பெரிய குறையில்லை. அட்டவணையில் கண் மேலிருந்து கீழாக ஓடும்போது ஒவ்வொரு வரிசையின் முதல் இரண்டு மூன்று சொற்கள்தாம் படும். 'வெளியே எடுத்துச் சிறிது நேரம் வைத்துக் குலுக்கும்போது நீர் அசையும் சத்தம் கேட்ட பின்னரே பனிக்கட்டிப் பொதிகளை மருந்துப் பெட்டியில் வைக்க வேண்டும்' என்று முதலில் எழுதியிருந்ததை, 'பனிக்கட்டிப் பொதிகளை, குலுக்கினால் உள்ளே நீர் அசையும் சத்தம் கேட்ட பின்னரே மருந்துப் பெட்டியில் வைக்க வேண்டும்' என்று மாற்றினேன். தேடுகிறவர் தேடுவது பொதியை, சத்தத்தை அல்ல.

எல்லா வரிசைகளும் நிரம்பிய பின் ஸ்லைடுகளை மூடிவிட்டு சாரத்தை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்தேன். அப்போதுதான் இரண்டு வரிசைகள் ஒன்றோடொன்று மோதுவது தெரிந்தது. 38ஆம் ஸ்லைடு, கலக்கிய தட்டம்மை, பிசிஜி மருந்துகளை 6 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்கிறது. 87ஆம் ஸ்லைடு 4 மணி நேரம் என்கிறது. இரண்டுமே கற்பனை அல்ல. 6 மணி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல், 4 மணி என்பது இந்தியாவில் பின்பற்றப்படுவது. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கைகள் வெவ்வேறு மூலத்திலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். இடையில் ஏறக்குறைய ஐம்பது ஸ்லைடுகள் இருப்பதால் வகுப்பில் யாரும் இதைக் கவனித்திருக்க வாய்ப்பு குறைவு. அட்டவணையில் இரண்டையும் அந்தந்த ஸ்லைடு சொன்னபடியே எழுதி, 'எண் 87 உடன் முரண்', 'எண் 38 உடன் முரண்' என்று சிவப்பில் குறித்தேன். எது சரி என்று நானே தீர்த்து 38ஆம் வரிசையில் 4 என்று போட்டிருந்தால், அட்டவணை சரியாகவும் ஸ்லைடு தவறாகவும் தொடர்ந்து இருந்திருக்கும். பயிற்றுநர்கள் பார்த்து 38ஆம் ஸ்லைடையே திருத்தினார்கள்.

இறுதிச் சோதனைக்கு, இந்தக் கோப்பையே பார்த்திராத அலுவலக நண்பர் ஒருவரைப் பிடித்தேன். இருபது வாக்கியங்களையும் இருபது சிறு படங்களையும் கலைத்துக் கொடுத்து எது எதற்கு என்று பொருத்தச் சொன்னேன். அவர் தடுமாறிய இடங்களிலெல்லாம் வாக்கியம் இரண்டு ஸ்லைடுகளுக்குப் பொருந்துவதாக இருந்தது. 'மருந்துகளைச் சரியான வெப்பநிலையில் வைக்க வேண்டும்' என்பதற்கு நான்கு ஸ்லைடுகளைக் காட்டினார். அப்படிப்பட்டவற்றை, ஸ்லைடில் மட்டுமே இருக்கும் ஏதோ ஒன்று வாக்கியத்தில் வரும்வரை திரும்ப எழுதினேன். இரண்டு ஸ்லைடுகளுக்கு அப்படி எதுவும் கிடைக்கவே இல்லை. வேறு ஸ்லைடில் சொன்னதையே அவை சொல்லிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நேரே 'எண் 12 இன் மறுபதிப்பு' என்று மட்டும் எழுதினேன்.

திருத்திய கோப்பு திரும்பி வந்தபோது சில ஸ்லைடுகள் இடம் மாறியிருந்தன, மூன்று புதிதாகச் சேர்ந்திருந்தன. நிரலை மறுபடி ஓட்டி, பழைய தாளையும் புதிய தாளையும் `slide_id` கொண்டு இணைத்தேன். நகர்த்திய ஸ்லைடுகளின் வாக்கியங்கள் தாமாகவே புதிய எண்ணுக்கு நேரே வந்து நின்றன, புதியவற்றின் கட்டங்கள் காலியாக இருந்தன. ஒரு ஸ்லைடை நகலெடுத்து ஒட்டிவிட்டுப் பழையதை அழித்திருந்தால் அதற்குப் புது அடையாள எண் கிடைத்துவிடும். அதுவும் புதியது போலவே காட்டும். எண் மாறாமல் உள்ளே எழுத்தை மட்டும் மாற்றியிருந்தால் இந்த இணைப்பு அதைக் கண்டுபிடிக்காது. 38ஆம் ஸ்லைடே அப்படித்தான், எண் அதே, மணிக்கணக்கு மட்டும் வேறு. அதனால் பழைய எழுத்துக் கட்டத்தையும் புதியதையும் `=EXACT(D2,J2)` போட்டு ஒப்பிட்டு, FALSE என்று வந்த வரிசைகளின் வாக்கியங்களை மட்டும் மறுபடி படித்துச் சரிசெய்தேன்.